கடைசி வீட்டுக் கூரை ஏன் முதலில் பறக்கிறது?

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் கட்டடத் தச்சர் ஒருவர் ஆற்றிய உரை)



லயத்தில் குடியிருந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் தகரம் பறந்து கிடக்கும் வீடு எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் வரிசையின் கடைசி வீடாகத்தான் இருக்கும். நடு வீட்டுக்காரர்கள் ஓட்டை ஒழுகலோடு தப்பித்துக்கொள்வார்கள். கடைசி வீட்டுக்காரர் மட்டும் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவார். "அவருக்குச் சனி பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாமும் வேலைக்குப் போய்விடுவோம்.

சனியின்மேல் பழி போடவேண்டியதில்லை. காரணம் அந்தக் கூரையின் உருவத்திலே இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால், லயத்தில் இருப்பவர் எதைப் பழுதுபார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்பதும், தோட்டத்தைவிட்டு வெளியே சொந்தமாக வீடு கட்டுகிறவர் எந்தக் கூரையைப் போடவேண்டும் என்பதும் தாமாகவே விளங்கிவிடும். அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப்போகிறேன்.

இரண்டு விதக் கூரைகள்

நம் நாட்டில் கண்ணில் படுகிற கூரைகளைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கிவிடலாம். முதலாவது இருசரிவுக் கூரை. திறந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல இரண்டு பக்கம் சரியும். மேலே ஒரே நேரான முகடு. இரண்டு முனைகளிலும் முக்கோண வடிவில் சுவரோ பலகையோ செங்குத்தாக நிற்கும். பழைய லயங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். மலாய்க்காரர்கள் இதனைப் பும்போங் பாஞ்சாங், அதாவது நீண்ட கூரை என்பார்கள்.

இரண்டாவது நாற்சரிவுக் கூரை. நான்கு பக்கமும் சரிந்து இறங்கும். முக்கோணச் சுவருக்கு இங்கே வேலையில்லை. நடுவில் குட்டையான முகடு ஒன்றும், அதன் இரு முனைகளிலிருந்து வீட்டின் நான்கு மூலைகளுக்கும் இறங்குகிற நான்கு மூலை முகடுகளும் உண்டு. ஆக மொத்தம் ஐந்து முகடுகள். இதனால்தான் மலாயில் இதற்குப் பும்போங் லீமா என்று பெயர். லீமா என்றால் ஐந்து என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு மலாய்ச் சொல்லையும் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். இருசரிவுக் கூரையின் முனையில் நிற்கும் அந்த முக்கோணத்துக்குத் தெபார் லாயார் என்று பெயர். லாயார் என்றால் கப்பலின் பாய். தெபார் என்றால் விரித்தல். விரித்த பாய்! கம்பத்துத் தச்சன் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறான் பாருங்கள். காற்றைப் பிடிப்பதற்காகவே கப்பலில் பாய் விரிக்கிறார்கள். வீட்டின் முனையிலும் அதே மாதிரி ஒரு பாயை விரித்து வைத்தால் காற்று அதைச் சும்மா விட்டுவிட்டுப் போகுமா?

நம் பக்கத்துக் காற்று

இனிக் காற்றைப் பற்றிச் சொல்லுகிறேன். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குச் சுமத்ராக் காற்று புதிதல்ல. ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், சுமத்ராத் தீவின் பக்கத்திலோ மலாக்கா நீரிணையின் மேலோ இரவில் மேகங்கள் நீண்ட வரிசையாகத் திரண்டு, விடியுமுன்போ காலையிலோ நம் கரைக்கு வந்து சேரும். பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கே வானம் கறுத்து, குளிர்ந்த காற்று ஒரே வீச்சாக வந்து, அதன் பின்னாலேயே மழை கொட்டும். அன்றைக்கு மரம் வெட்டு போயிற்று என்று அர்த்தம். இந்தக் காற்றின் வீச்சு பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும்.

40-க்கும் 80-க்கும் இரண்டு மடங்குதானே வித்தியாசம் என்று நினைக்கக்கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை நேராக மறிக்கும் பலகையின் ஒவ்வொரு சதுர அடியின்மேலும் சுமார் முக்கால் கிலோ கனத்தோடு தள்ளும். அதுவே 80 ஆகும்போது ஏறத்தாழ 3 கிலோவாகிவிடும். இந்த 3 கிலோ என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கணக்கெல்லாம் அதிலிருந்து வருகிறது.

தள்ளும் காற்றும் உறிஞ்சும் காற்றும்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 20 அடி, நீளம் 30 அடி. சுவருக்கு மேலே முகடு 6 அடி உயரம். இருசரிவுக் கூரை போட்டிருக்கிறது. முனையிலுள்ள முக்கோணத்தின் அடி 20 அடி, உயரம் 6 அடி. பரப்பளவு 60 சதுர அடி. மேற்கிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்து இந்த முக்கோணத்தில் மோதுகிறது. ஓரங்களில் கொஞ்சம் காற்று வழுக்கிப் போய்விடுகிறது என்று கழித்துவிட்டாலும், சுமார் 140 கிலோ விசை அந்த முக்கோணத்தை வீட்டுக்குள்ளே தள்ளுகிறது. இரண்டு ஆட்கள் தங்கள் முழு எடையையும் அதன்மேல் சாய்த்துத் தள்ளுவது போல. அதுவும் ஒரே சீராக அல்ல. விட்டு விட்டு, மோதி மோதித் தள்ளும்.

இப்போது கூரைக்குள்ளே ஏறிப் பாருங்கள். அந்த முக்கோணத்துக்குப் பின்னால் என்ன தாங்கி நிற்கிறது? பெரும்பாலான வீடுகளில் ஒன்றுமில்லை. முக்கோண மரச்சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும். தகரத்தை அறைவதற்காகப் போட்ட குறுக்குச் சட்டங்கள் மட்டுமே அவற்றை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து வரும் கனத்தை அந்தச் சட்டங்கள் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. முதல் சட்டம் சாய்ந்து இரண்டாவதன்மேல் விழ, இரண்டாவது மூன்றாவதைத் தள்ள, வரிசையாக நிறுத்தி வைத்த தீப்பெட்டிகளைப் போலச் சாய்ந்துவிடும்.

இது தள்ளும் காற்று. இதைவிடப் பொல்லாதது உறிஞ்சும் காற்று. ஆற்றில் பாறையைத் தாண்டும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் குழிந்து சுழலும். காற்றும் கூரையின் ஓரத்தைத் தாண்டும்போது அப்படித்தான் சுழலுகிறது. சுழலும் இடத்தில் மேலிருந்து அழுத்தும் காற்று மெலிந்துபோகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று தகரத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. பலர் நினைப்பதுபோலக் காற்று தகரத்தின் அடியில் புகுந்து பிய்ப்பது மட்டும் அல்ல. மேலிருந்து உறிஞ்சி எடுப்பதும் சேர்ந்தே நடக்கிறது.

இந்த உறிஞ்சல் கூரை முழுவதும் ஒரே அளவில் இருக்காது. நடுவில் குறைவு. முகட்டருகிலும், ஓரங்களிலும், எல்லாவற்றையும்விட மூலைகளிலும் அதிகம். முன்னே சொன்ன 3 கிலோ, ஓரங்களில் 6 கிலோ வரை ஏறிவிடும். நாம் போடுகிற தகரத்தின் எடையோ சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை. ஆகவே, தகரம் தன் கனத்தால் நிற்கிறது என்று நினைப்பது தப்புக் கணக்கு. ஆணிதான் அதைப் பிடித்திருக்கிறது.

இருசரிவுக் கூரையில் முக்கோணச் சுவருக்கு வெளியே தகரம் ஓரடியோ இரண்டடியோ நீட்டிக்கொண்டிருக்கும். மழைச் சாரல் சுவரில் அடிக்காமலிருக்க அப்படி விடுகிறோம். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி அந்த நீட்டலைக் கீழிருந்து தள்ளுகிறது. அதே நேரத்தில் மேலே சுழலும் காற்று அதை உறிஞ்சுகிறது. இரண்டு விசையும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகின்றன. முதல் தகரம் இங்கேதான் கிளம்பும். ஒன்று கிளம்பிவிட்டால் அடுத்த தகரத்தின் ஓரம் காற்றுக்குத் திறந்துவிடுகிறது.

கடைசி வீட்டின் புதிர் இப்போது விடுபட்டுவிட்டது. லயத்தின் நடு வீடுகளுக்கு முக்கோணமும் இல்லை, நீட்டலும் இல்லை, மூலையும் இல்லை. இவை மூன்றும் கடைசி வீட்டின் தலையில்தான் விழுந்திருக்கின்றன. அந்த முனை மேற்கு நோக்கியிருந்தால் சுமத்ராக் காற்று நேரே வந்து மோதுவதும் அங்கேதான்.

நாற்சரிவுக் கூரை என்ன செய்கிறது?

அதே 20 அடிக்கு 30 அடி வீட்டில் நாற்சரிவுக் கூரையைப் போட்டுப் பாருங்கள். விரித்த பாய் மறைந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தாலும் சுவருக்கு மேலே அது சந்திப்பது சரிவைத்தான். நேராக மோதி நிற்காமல் ஏறித் தாண்டிப் போகிறது. ஓரங்களில் உறிஞ்சல் இங்கேயும் உண்டு. ஆனால் இருசரிவுக் கூரையின் முனையில் இருப்பதுபோல அவ்வளவு கடுமையாக இராது.

இரண்டாவது பலன் கூரைக்குள்ளே இருக்கிறது. மூலை முகட்டின் அடியில் ஒரு கனத்த கைமரம் முகட்டிலிருந்து வீட்டின் மூலைக்குச் சாய்வாக இறங்குகிறது. நான்கு மூலைக்கும் நான்கு. முகட்டை எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்ப்பக்கத்துக் கைமரங்கள் அதை முட்டுக்கொடுத்துத் தாங்கும். இருசரிவுக் கூரையில் நாம் தனியாகப் போடவேண்டிய முட்டு, இதில் உடன்பிறந்தே வருகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் தெற்கு புளோரிடாவில் ஆண்ட்ரூ என்ற சூறாவளி அடித்தது. நம் சுமத்ராக் காற்றைவிடப் பலமடங்கு கொடியது. அதன்பின் இடிந்த வீடுகளை ஆராய்ந்த பொறியியலாளர்கள், முட்டில்லாத முக்கோண முனைகள் சாய்ந்து கூரைகள் போனதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். நாற்சரிவுக் கூரைகள் பொதுவாக அவற்றைவிட நன்றாக நின்றிருந்தன.

மழைக் கணக்கு வேறு

அப்படியானால் நாற்சரிவுக் கூரையையே போட்டுவிடலாமே, பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். காற்றோடு விஷயம் முடிந்துவிட்டால் அப்படியே செய்யலாம். ஆனால் நம் நாட்டில் பெருங்காற்று சில நாள், மழையோ வருஷம் முழுவதும். மழைக்கு முன்னால் கணக்குக் கொஞ்சம் மாறுகிறது.

கூரையில் தகரத்தை வெட்டி ஒட்டுகிற ஒவ்வொரு இடமும் ஒழுகக்கூடிய இடம் என்பது தச்சனின் பாடம். நம் வீட்டில் இருசரிவுக் கூரை போட்டால் தகரங்கள் முழுசாக, சதுரமாக ஏறும். மூடவேண்டியது ஒரே முகடு, நீளம் 30 அடி. நாற்சரிவுக் கூரையில் முகடு 10 அடியாகக் குறைகிறது. ஆனால் மூலை முகடுகள் நான்கும் ஒவ்வொன்றும் 15 அடிக்கு மேல். ஆக 70 அடிக்கு மேல் மூடித் தகரம் போடவேண்டும். அந்த மூலை முகடு நெடுகிலும் தகரத்தைச் சாய்வாக வெட்டவேண்டும். வெட்டிய விளிம்பில் பூச்சுப் போய்த் துருப்பிடிக்கும். மூடித் தகரம் இரண்டு பக்கமும் ஆறு அங்குலமாவது படிந்து நிற்காவிட்டால், காற்றோடு வருகிற மழைத்தண்ணீர் அதன் அடியில் ஏறி உள்ளே இறங்கிவிடும். இரும்பு வேலை தெரியாத கையால் போட்ட நாற்சரிவுக் கூரை, காற்றில் நிற்கும், மழையில் அழும்.

தண்ணீர் இறங்கும் விதத்தையும் பாருங்கள். பெருமழையில் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் பெய்தால், இந்த 600 சதுர அடிக் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 90 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் இறங்கும். இருசரிவுக் கூரையில் அது இரண்டு பக்கமாக மட்டும் பிரிகிறது. பக்கத்துக்கு 46 லிட்டர். 60 அடி தகரக் கால் போட்டுவிட்டால் முழுவதையும் பிடித்துவிடலாம். நாற்சரிவில் நீண்ட பக்கங்களில் 31 லிட்டர் வீதமும், குறுகிய பக்கங்களில் 15 லிட்டருக்குச் சற்று மேலும் இறங்கும். எந்தப் பக்கமும் அவ்வளவு கொட்டாது. ஆனால் வீட்டைச் சுற்றி 100 அடி தகரக் கால் வேண்டும். போடாவிட்டால் நான்கு பக்கமும் மண் அரிக்கும். முன்வாசலிலும் தண்ணீர் விழும், பின்வாசலிலும் விழும்.

மற்றொரு பக்கம், சாரலுக்கு நாற்சரிவுக் கூரைதான் நல்லது. வீட்டின் நான்கு சுவருக்கும் ஒரே அளவில் தாழ்வாரம் கிடைக்கிறது. இருசரிவு வீட்டில் முக்கோணச் சுவர் உச்சிவரை மழையில் நனையும். பலகைச் சுவரானால் அங்கேதான் முதலில் உளுக்கும். செங்கல் சுவரானால் அங்கேதான் ஈரக்கறை படரும். காற்றோட்டத்துக்காக முக்கோணத்தில் விடுகிற துவாரங்கள் வழியாகவும் சாரல் உள்ளே வரும்.

ஆனால் அந்தத் துவாரங்கள் வேண்டாமென்றும் சொல்லமுடியாது. தகரத்தின் அடியில் சேரும் வெப்பம் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. நாற்சரிவுக் கூரையில் அதற்கு வழியில்லாததால் மத்தியானத்தில் உள்ளே வெந்துபோகும். இதற்காகவே நாற்சரிவின் உச்சியில் மட்டும் இரண்டடி உயரத்தில் சின்ன முக்கோணம் விட்டு, சாய்ந்த பலகைச் சட்டம் வைத்துக் கட்டுகிற முறையும் உண்டு. காற்றுக்குப் பாய் மிகச் சிறியது. வெப்பத்துக்கு வழியும் கிடைத்துவிடுகிறது. சொந்த வீடு கட்டுகிறவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வது இதுதான்.

பழைய கூரையை என்ன செய்வது?

கூட்டம் தொடங்குமுன் கிராணி ஐயா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, புதிதாகக் கட்டுகிறவன் யோசித்துக் கட்டுவான். இருக்கிற இருசரிவுக் கூரையைப் பிரித்துப் போட எங்களிடம் பணமேது?" நியாயமான கேள்வி. பிரிக்கவேண்டியதில்லை. இருசரிவுக் கூரைக்கு எங்கே பலவீனம் என்று தெரிந்துவிட்டதல்லவா? அங்கே மட்டும் பலப்படுத்தினால் போதும்.

முதல் வேலை, முக்கோணத்துக்கு முட்டு. இரண்டுக்கு நாலு அங்குல மரம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முனையிலுள்ள முக்கோணச் சட்டத்தின் உச்சி நடுவிலிருந்து, உள்ளே நான்காவது சட்டத்தின் அடி நடுவுக்கு ஒன்று. முனைச் சட்டத்தின் அடி நடுவிலிருந்து நான்காவது சட்டத்தின் உச்சி நடுவுக்கு மற்றொன்று. பக்கவாட்டில் பார்த்தால் பெருக்கல் குறிபோல இருக்கவேண்டும். இடையில் குறுக்கிடும் ஒவ்வொரு சட்டத்திலும் 3 அங்குலத் திருகாணி இரண்டிரண்டாக முறுக்குங்கள். இதே போல மறுமுனையிலும் செய்யுங்கள். இனிக் காற்று முதல் சட்டத்தைத் தள்ளினால் நான்கு சட்டங்களும் சேர்ந்து எதிர்க்கும்.

இரண்டாவது வேலை, கூரையைச் சுவரோடு கட்டுவது. முட்டுப் போட்ட கூரை சாயாது, ஆனால் அப்படியே முழுசாகத் தூக்கப்படலாம். மேற்குப் பக்கக் கதவோ சன்னலோ காற்றில் திறந்துகொண்டால் வீடு ஊதிய பலூனைப்போல ஆகிவிடுகிறது. உள்ளே புகுந்த காற்று மேலே தள்ள, வெளியே சுழலும் காற்று உறிஞ்ச, நம் 600 சதுர அடிக் கூரையைத் தூக்கும் விசை சுமார் 2 டன் ஆகிறது. மரமும் தகரமும் சேர்ந்த எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மீதியைப் பிடித்திருப்பது கைமரத்தைச் சுவர்மேல் உள்ள உத்தரத்தோடு சேர்த்துச் சாய்வாக அடித்த ஆணிதான். சாய்ந்த ஆணியை மேலே இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கைமரத்தின்மேலும் இரும்புப் பட்டையைச் சுற்றி உத்தரத்தில் இறக்கி, பக்கவாட்டில் ஆணி அடிக்கவேண்டும். பக்கவாட்டு ஆணியைக் காற்று உருவமுடியாது, அறுக்கத்தான் வேண்டும். உத்தரமும் சுவரிலோ தூணிலோ போல்ட்டால் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றைக் கண்டவுடன் மேற்குப் பக்கக் கதவையும் சன்னலையும் தாழிடுவது காசில்லாத வைத்தியம்.

மூன்றாவது வேலை, ஓரத் தகரம். முக்கோணத்துக்கு வெளியே நீட்டல் ஓரடிக்கு மேல் வேண்டாம். நீட்டலின் முனையில் ஓரப்பலகை அடித்துக் காற்று புகும் வாயை அடையுங்கள். நடுக் கூரையில் தகரத்தின் இரண்டு மூன்று மேடுகளுக்கு ஒன்றாகத் திருகாணி இருந்தால், ஓரத்திலிருந்து மூன்றடி அகலத்துக்கு ஒவ்வொரு மேட்டிலும் இருக்கட்டும். திருகாணி மேட்டில்தான் இறங்கவேண்டும். பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துவாரம் போட்டதாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு காற்றில் நின்ற தகரம் அடுத்த காற்றிலும் நிற்கும் என்று நம்பவேண்டாம். 1974-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளின் விடியலில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் டிரேசி என்ற புயல் தாக்கியது. அங்கே ஏராளமான கூரைத் தகரங்கள் போனதற்குக் காரணம் ஒரே இழுப்பு அல்ல. காற்று விட்டு விட்டு இழுத்ததில் தகரம் மேலும் கீழும் ஆடி ஆடி, ஆணித்தலையைச் சுற்றிக் கீறல் விட்டு, கடைசியில் ஆணி மரத்திலேயே நிற்கத் தகரம் மட்டும் கழன்று போயிற்று. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதுபோல. அதன்பிறகுதான் தகரத்தைப் பலமுறை இழுத்து விட்டுச் சோதிக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

ஆகவே ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். ஆணித்தலை தகரத்தைவிட்டுக் கொஞ்சம் எழும்பியிருக்கிறதா? துவாரம் வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கிறதா? அதைச் சுற்றித் துரு வளையமும் மயிரிழைக் கீறலும் தெரிகின்றனவா? காற்றடிக்கும்போது ஓரத்தில் மட்டும் தகரம் படபடவென்று அடித்துக்கொள்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அதே துவாரத்தில் மறுபடி ஆணி அடிக்காதீர்கள். பக்கத்து மேட்டில் ரப்பர் வளையம் போட்ட திருகாணியை இறக்குங்கள். பழைய துவாரத்தை அடைத்துவிடுங்கள். கீறல் நீண்டிருந்தால் தகரத்தையே மாற்றுங்கள். ஏறுகிறவர் மழை ஈரத்தில் ஏறவேண்டாம். துருப்பிடித்த தகரத்தின்மேல் கால் வைக்கவும் வேண்டாம்.

உருவம் பாதி, கட்டு பாதி

நாற்சரிவுக் கூரை போட்டவர்களும் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. அதற்கும் இரும்புப் பட்டை வேண்டும், போல்ட் வேண்டும். மூலை முகட்டின்மேல் உள்ள மூடித் தகரமே அங்கே முதலில் கிளம்பும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அதன் திருகாணிகளை முறுக்கிப் பார்க்கவேண்டும். சரிவும் முக்கியம். நம் வீட்டில் 10 அடிக்கு 6 அடி ஏற்றம் வைத்தோமே, அது காற்றுக்கும் நல்லது, தண்ணீர் ஓடுவதற்கும் நல்லது. மரம் மிச்சம் என்று 10 அடிக்கு 2 அடி ஏற்றத்தில் படுக்கவைத்துவிட்டால், இருசரிவோ நாற்சரிவோ, காற்று வரும் பக்கத்துச் சரிவும்கூட நன்றாக உறிஞ்சப்படும்.

எல்லாக் கூரைக்கும் பொதுவான ஓர் எதிரியையும் சொல்லியாகவேண்டும். வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்தவும் துணி உலர்த்தவும் நாம் இறக்குகிற முன்கூரை. அடியில் சுவர் இல்லாததால் காற்று தாராளமாகப் புகுந்து தூக்கும். அதன் தகரத்தை வீட்டுக் கூரையோடு சேர்த்து அறைந்திருந்தால், அது போகும்போது வீட்டுக் கூரையையும் பிய்த்துக்கொண்டு போகும். முன்கூரைக்குத் தனித் தூணும் தனி உத்தரமும் கொடுத்து, வீட்டுத் தகரத்துக்கு அடியில் தனியாக நிறுத்துங்கள். தூணின் அடியைச் சிமெண்டில் நன்றாகப் புதையுங்கள். போனாலும் அது மட்டும் போகட்டும்.

நிர்வாகத்தின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரையைத் தாங்களே பிரித்துச் சட்டம் சேர்க்க உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். அதைச் செய்யவேண்டிய பொறுப்பு வீட்டின் உடைமைக்காரருடையது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்க 1990-ஆம் ஆண்டிலேயே நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் "கூரை சரியில்லை, பார்த்துச் செய்யுங்கள்" என்று வாயால் சொன்னால் இரண்டு தகரத்தை மாற்றிவிட்டு ஆள் போய்விடுவார். எழுதிக் கொடுங்கள். எந்த வரிசை, எந்த முனை, முக்கோணத்துக்கு முட்டு இல்லை, இத்தனை கைமரத்துக்குப் பட்டை இல்லை, இத்தனை ஆணி எழும்பியிருக்கிறது என்று எண்ணி எழுதிக் கொடுங்கள். கையெழுத்து நல்லதாக உள்ள கிராணிமார்கள் இதில் உதவவேண்டும். கடைசி வீட்டில் யார் இருந்தாலும், வரிசையில் உள்ள எல்லாரும் அதில் கையெழுத்துப் போடுங்கள். ஏனென்றால் முனையில் முதல் தகரம் கிளம்பியபின் காற்றுக்கு அடுத்த வீடு உங்கள் வீடுதான்.

சொந்த வீடு கட்டுகிறவர்களுக்கு மூன்றே வார்த்தை: கைதேர்ந்த ஆள் கிடைத்தால் நாற்சரிவு போடுங்கள். கிடைக்காவிட்டால் இருசரிவைப் போட்டு முனை இரண்டுக்கும் முட்டுக் கொடுங்கள். எதைப் போட்டாலும், மேலே தகரம் ஏறுமுன் கைமரத்தின் பட்டைகளை நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள். தகரம் ஏறியபின் அவை கண்ணுக்குத் தெரியமாட்டா.

கூட்டம் முடிந்தபின் தங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் வரலாம். அகலம், நீளம், முகட்டு உயரம் மூன்றையும் அளந்துகொண்டு வந்தால் பேச வசதியாக இருக்கும்.